"காலனிப் பசங்க" என்றால் கலாய்ப்பா, வன்மமா? நாங்கள் நான்கு பேர், நான்கு முடிவு

வைகைக்கரையான்:
எங்கள் வட்டாரக் கால்பந்துக் குழுவின் முகநூல் பக்கத்தை நாங்கள் நான்கு பேர் மட்டுறுத்துகிறோம். யாருக்கும் இது தொழில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி முடிந்த பிறகு வந்த மூன்று பின்னூட்டங்களை வைத்து மூன்று நாளாக எங்களுக்குள் சண்டை. அப்படியே தருகிறேன்.

ஒன்று, கோல்கீப்பர் படத்துக்குக் கீழே: "டேய் எருமை, பந்த விட்டுட்டு காத்த புடிக்கிற."

இரண்டு, கோப்பை வென்ற அணியின் படத்துக்குக் கீழே: "காலனிப் பசங்களுக்கு ஷூ யாரு வாங்கிக் குடுத்தா?" பக்கத்தில் நான்கு சிரிப்புப் பொம்மைகள்.

மூன்று, அதற்குப் பதிலாக இன்னொருவர்: "நாங்க காலனிப் பசங்கதான்டா, அடுத்த மேட்ச்ல வந்து பாரு."

எங்கள் சொல் வடிகட்டியில் "எருமை" இருப்பதால் முதலாவது தானாகவே மறைந்துவிட்டது. இரண்டாவதை யாரும் தடுக்கவில்லை. மூன்றாவதை, மிரட்டல் என்று சொல்லி ஆறு பேர் ரிப்போர்ட் செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் "காலனி" என்றால் பட்டியல் சாதியினர் குடியிருக்கும் பகுதி. எங்களில் ஒருவர் சென்னை அசோக் நகரில் வளர்ந்தவர். "நானும் காலனிதான், இதில் என்ன இருக்கு?" என்று உண்மையாகவே கேட்கிறார். இன்னொருவர் இரண்டு, மூன்று இரண்டிலும் ஒரே சொல் இருப்பதால் இரண்டையும் நீக்க வேண்டும் என்கிறார். இதைத் தொழிலாகச் செய்தவர்கள் யாராவது இருந்தால், எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.

பிரபு78:
குழப்பமே தேவையில்லை. பெரிய தளங்கள் எல்லாம் மொழிவாரியாகத் தடைச் சொல் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் இருந்தால் நீக்கம், இல்லையென்றால் விட்டுவிடலாம். உங்கள் வடிகட்டியில் "காலனி" என்று சேர்த்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. ஆளைப் பார்த்து முடிவு செய்யப் போனால்தான் பாரபட்சம் என்ற பேச்சு வரும்.

தாமரைச்செல்வி:
நான் மூன்று வருடம் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் தமிழ்ப் பதிவுகளை மதிப்பாய்வு செய்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

பிரபு சொல்வதில் பாதி சரி. பட்டியல்கள் உண்டு. ஆனால் நாங்கள் முதலில் பார்ப்பது சொல்லை அல்ல. அடி யார் மேல் விழுகிறது என்பதைத்தான். ஒரு ஆள் மேலா, பிறப்பாலோ மதத்தாலோ ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படும் ஒரு கூட்டத்தின் மேலா? கூட்டத்தின் மேல் என்றால்தான் வெறுப்புப் பேச்சு என்ற வழி திறக்கும். முகநூலின் விதியில் இனம், மதம், பாலினம், ஊனம் போன்றவற்றோடு சாதியும் பெயர் சொல்லியே இருக்கிறது. 2025 ஜனவரியில் அந்த விதியைப் பல இடங்களில் தளர்த்தினார்கள். சாதி பட்டியலில் இருந்து போகவில்லை.

உங்கள் முதல் பின்னூட்டத்தை இதில் வைத்துப் பாருங்கள். மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது அந்த விதியில் மிகக் கடுமையான வகை. மொழிபெயர்ப்பில் பார்க்கிறவர், ஒரு மனிதனை எருமை என்கிறார்களே என்று பதறுவார். ஆனால் இங்கே எருமை என்றது ஒரு கோல்கீப்பரை, அதுவும் பந்தை விட்டதற்காக. அவருடைய பிறப்பு பேச்சிலேயே இல்லை. எனவே வெறுப்புப் பேச்சு என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது துன்புறுத்தலா என்ற கேள்வி. அதற்கு அந்தக் கோல்கீப்பர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். ஏதாவது பதில் எழுதினாரா?

வைகைக்கரையான்:
மறைந்த பின்னூட்டத்தைத் திறந்து பார்த்தேன். "மச்சான் வெயிலு கண்ண கூசுச்சுடா" என்று எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே அணி.

தாமரைச்செல்வி:
அப்படியென்றால் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். இருவருக்கும் பழக்கம் இருக்கிறது, பேச்சு இரண்டு பக்கமும் போகிறது, அடி விளையாட்டைத் தாண்டவில்லை. இதே சொல்லை முன்பின் தெரியாத ஒருவர், உடல் பருத்த ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே எழுதி, அந்தப் பெண்ணே ரிப்போர்ட் செய்திருந்தால் நான் நீக்கியிருப்பேன். அப்போதும் காரணம் "துன்புறுத்தல்" என்றுதான் போடுவேன், "வெறுப்பு" என்று அல்ல. தனி ஆள் மேல் வரும் வசவுகளில், சம்பந்தப்பட்டவரே ரிப்போர்ட் செய்தாரா என்பது பல இடங்களில் முடிவை மாற்றும். நண்பர்களின் வசவுக்கும் அந்நியரின் வசவுக்கும் உள்ள வேறுபாடு, வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. வாங்கியவருக்குத் தெரியும்.

கருப்பையா:
காலனி என்று இழிவாகப் பேசினால் நேராகக் காவல் நிலையம் போகலாம். 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ இருக்கிறது. திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன்.

வைகைக்கரையான்:
ஐயா, நான் கேட்டது புகார் பற்றி இல்லை. பக்கத்தில் விடுவதா நீக்குவதா என்பதுதான்.

தாமரைச்செல்வி:
கருப்பையா ஐயா, 66ஏ இப்போது இல்லை. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அதை ரத்து செய்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு. அதில் இழிவுபடுத்தப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்பதும், அது பொதுப் பார்வையில் நடந்ததா என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும். மட்டுறுத்துகிறவருக்கு அந்த விசாரணை முடியாது. அவர் கையில் ஒரு திரையும் சில நொடிகளும்தான் இருக்கும். ஆனால் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொன்னது மிகவும் சரி. அதை எடுக்காமல் நீக்கிவிட்டால், பாதிக்கப்பட்டவர் பின்னால் வழக்குத் தொடர நினைக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பிரபு78:
இன்னும் எனக்கு ஒப்பவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சொல். ஒன்றை நீக்கி ஒன்றை விட்டால் எப்படி?

தாமரைச்செல்வி:
இரண்டாவதை எடுத்துக்கொள்வோம், இதுதான் நிஜமாகவே கடினமானது. நேராக மொழிபெயர்த்தால், குடியிருப்புப் பையன்களுக்கு யார் ஷூ வாங்கிக் கொடுத்தது என்ற ஒரு சாதாரணக் கேள்வி. வசைச்சொல் கிடையாது, மிரட்டல் கிடையாது. எங்கள் வரிசையில் வந்திருந்தால் பத்தில் எட்டுப் பேர் "மீறல் இல்லை" என்று அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் இந்த மாதிரி இடத்தில் ஒன்று செய்வேன். சொல்லை மாற்றிப் போட்டுப் படிப்பேன். "வடக்குத் தெருப் பசங்களுக்கு ஷூ யாரு வாங்கிக் குடுத்தா?" என்று படித்துப் பாருங்கள். சிரிப்பு போய்விடுகிறது, கேள்வியே எதற்கென்று தெரியவில்லை. நான்கு சிரிப்புப் பொம்மைகளும் "காலனி" என்ற சொல்லை நம்பித்தான் நிற்கின்றன. இவர்கள் ஷூ போடுகிற ஆட்கள் இல்லை, போட்டிருந்தால் யாரோ கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். உங்கள் ஊரில் இன்னார் செருப்புப் போட்டு இன்ன தெருவில் நடக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்ததா?

வைகைக்கரையான்:
என் தாத்தா காலத்தில் இருந்தது. அப்பாவே பார்த்திருக்கிறார்.

தாமரைச்செல்வி:
அப்படியென்றால் இது ஷூவைப் பற்றிய பேச்சு இல்லை. பிறப்பால் ஒரு கூட்டத்தைத் தாழ்ந்தவர்கள் என்று சொல்கிற பேச்சு. நீக்கலாம், காரணம் "வெறுப்பு" என்றே போடலாம்.

அதே சோதனையை மூன்றாவதில் செய்யுங்கள். "நாங்க" என்று தொடங்குகிறது. பேசுகிறவர் அந்தப் பெயரைத் தன் மேலேயே எடுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். வசைச்சொல்லைத் தன்னைக் குறிக்கவோ அதன் வலுவைக் குறைக்கவோ ஒருவர் பயன்படுத்தினால், அந்த நோக்கம் தெளிவாகத் தெரிகிறபோது விதி அதை அனுமதிக்கிறது. "அடுத்த மேட்ச்ல வந்து பாரு" என்பதில் யாரை, எதனால், எங்கே என்று எதுவும் இல்லை. அது மைதானத்துச் சவால். ஆறு ரிப்போர்ட் வந்தது என்பதற்காக அதை நீக்காதீர்கள். ரிப்போர்ட்டின் எண்ணிக்கை சில நேரம் யார் பக்கம் ஆள் அதிகம் என்பதைத்தான் காட்டும்.

ரவீந்திரன்_ஹட்டன்:
இந்த இழையை நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் இலங்கை மலையகத்தைச் சேர்ந்தவன். உண்மையைச் சொன்னால் "காலனி" என்பதில் சாதி இருக்கிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். எங்களிடம் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. அந்தப் பின்னூட்டம் என்னிடம் வந்திருந்தால் விட்டிருப்பேன்.

இனி நான் ஒன்று கேட்கிறேன். "தோட்டக்காட்டான்" என்று ஒருவர் எழுதினால் உங்களில் எத்தனை பேர் நீக்குவீர்கள்? தோட்டமும் காடும் நல்ல சொற்கள்தானே என்று நினைப்பீர்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் ஆட்களை, மற்றத் தமிழர்களே குத்திச் சொல்லும் சொல் அது. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு பின்னூட்டத்தை ரிப்போர்ட் செய்தபோது, விதிமீறல் இல்லை என்றுதான் பதில் வந்தது. பார்த்தவர் தமிழர்தானா என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது யோசித்தால், பார்த்தவர் தமிழராகவே இருந்திருக்கலாம்.

தாமரைச்செல்வி:
ரவீந்திரன் அண்ணா, இதைப் படித்தபோது கை நின்றுவிட்டது. எங்கள் வரிசையில் தமிழ் என்று ஒரே பெட்டிதான் இருந்தது. ஹட்டனும் மதுரையும் கோலாலம்பூரும் அதிலேயே வந்து விழும். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை நான் பார்த்திருப்பேனா, பார்த்து விட்டிருப்பேனா என்று எனக்கு நினைவில்லை. விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியல்கள் நாடும் மொழியும் சேர்த்துத்தான் தயாராகின்றன. ஆனால் பின்னூட்டம் எழுதியவர் எந்த நாட்டில் இருந்து எழுதினார், யாரைச் சொன்னார் என்பது பல நேரம் திரையில் இருக்காது. அப்புறம், ஒரு சொல்லை மேலே அனுப்பி விளக்கம் கேட்டால் நேரம் போகும். தணிக்கை செய்கிறவர் நம் முடிவுகளில் சிலவற்றை எடுத்துத் திரும்பப் பார்ப்பார். அவருடைய முடிவும் நம்முடையதும் வேறுபட்டால் அது நம் கணக்கில் தவறு. அவருக்கும் தெரியாத சொல் என்றால், சரியாகச் சொன்னவருக்குத்தான் தவறு விழும். நாளடைவில் எது சரி என்று யோசிப்பது குறைந்து, தணிக்கையாளர் என்ன சொல்வார் என்று யோசிக்கப் பழகிவிடுவோம். நானும் பழகினேன்.

யாங்கோன்_பேரன்:
பிரபு சொன்ன பட்டியல் வழியை பர்மாவில் செய்து பார்த்துவிட்டார்கள். என் தாத்தா யாங்கோனில் கடை வைத்திருந்தவர். உறவினர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பர்மிய மொழியில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரை "கலா" என்பார்கள். பழைய காலத்தில் மேற்கிலிருந்து வந்தவர் என்ற அளவில் இருந்த சொல், பின்னால் முஸ்லிம்களை, முக்கியமாக ரோஹிஞ்சாக்களைத் தாக்கும் வசவாக மாறியது.

2017-இல் முகநூல் அந்தச் சொல்லை நீக்கத் தொடங்கியது. ஆனால் பர்மிய மொழியில் கடலைப் பருப்புக்கே "கலா பே" என்றுதான் பெயர். நாற்காலி "கலா தைங்". சமையல் பற்றி எழுதியவர்களின் பதிவுகள் போயின. அந்தச் சொல் ஏன் தவறு என்று விளக்கி எழுதியவர்களின் பதிவுகளும் போயின. ஆளைத் தாக்கும்போது மட்டும்தான் நீக்குவது தங்கள் கொள்கை, அதைச் சரியாக நடைமுறைப்படுத்த முடியவில்லை என்று அந்த வருடம் ஜூனில் நிறுவனமே எழுதியது.

மறுபக்கம் இன்னும் மோசம். ராய்ட்டர்ஸ் 2018 ஆகஸ்டில் ஒரு செய்தி வெளியிட்டது. கலாக்கள் எல்லாரையும் கொல்லுங்கள், ஒருவரும் மிஞ்சக் கூடாது என்ற பொருளில் ஒரு பர்மியப் பதிவு. முகநூலின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை, மியான்மரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது என்பதுபோல் காட்டியது. 2015 தொடக்கத்தில் அந்த நிறுவனத்துக்கு பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைப் பார்த்தவர்கள் இரண்டே பேர் என்றும் அதே செய்தியில் இருந்தது. கடலைப் பருப்பு போனது, கொலை அழைப்பு அப்படியே இருந்தது.

வைகைக்கரையான்:
இதைப் படித்த பிறகு ஒன்று சோதித்தேன். பிரபு சொன்னதுபோல் வடிகட்டியில் "காலனி" சேர்த்தேன். "காலனில" என்றும் "காலனியானுங்க" என்றும் வந்தவை நழுவின, அவற்றையும் சேர்த்தேன். நம் ஆட்கள் பலர் றன்னகரம் ணகரம் பார்க்காமல் "காலணி" என்றும் எழுதுகிறார்கள், அதையும் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் விளையாட்டுக் காலணி விற்கும் எங்கள் உறுப்பினரின் பதிவு மறைந்துவிட்டது. "வீட்டு வசதி வாரிய காலனி" என்று இடம் குறித்திருந்த பயிற்சி முகாம் அறிவிப்பும் போனது. ஆங்கில எழுத்தில் `colony pasanga` என்று எழுதியவர் நிம்மதியாக உள்ளே இருக்கிறார்.

பிரபு78:
சரி, வடிகட்டி மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கவலை வேறு. தாமரைச்செல்வி சொல்வதுபோல் மனிதர்கள் யோசித்தால் எல்லாரும் ஒரே முடிவுக்கா வருவார்கள்?

தாமரைச்செல்வி:
வரமாட்டார்கள். ஒரு உதாரணம் பொதுவில் இருக்கிறது. 2021 நவம்பரில் ஓர் இன்ஸ்டகிராம் கணக்கு, பெண்தன்மை உள்ள ஆண்களை இழிவுபடுத்த அரபு நாடுகளில் சொல்லும் சொற்களைப் படங்களாகப் போட்டது. இந்தச் சொற்களை நாங்கள் ஆதரிக்கவில்லை, அவற்றின் வலிமையை எடுத்துவிடவே இதைப் போடுகிறோம் என்று கீழே அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியே இருந்தது. முதலில் பார்த்தவர் விட்டார். இரண்டாமவர் நீக்கினார். முறையீட்டில் மூன்றாமவர் மீட்டார். வேறொருவர் வெறுப்புப் பேச்சு என்று ரிப்போர்ட் செய்ததும் நான்காமவர் நீக்கினார், ஐந்தாமவர் அதை உறுதி செய்தார். கடைசியில் மெட்டாவின் மேற்பார்வை வாரியம் 2022 ஜூனில், நீக்கியது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து பேர் முன்னாலும் இருந்தது அதே பதிவு. நீக்கியவர்கள் சொல்லைப் பார்த்தார்கள், கீழே இருந்த விளக்கத்துக்கு மதிப்புக் கொடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிலா_சமையல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினை சாதி இல்லை. நான் சமையல் காணொளி போடுகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இருந்த ஒருவர் ஒவ்வொரு காணொளிக்கும் கீழே எழுதுகிறார். "இன்னைக்கும் நீலச் சேலையா", "ஜன்னல் திரை மாத்திட்டீங்க போல", "காலைல கடைக்குப் போனீங்களா". ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பத்துக்கு மேல் ரிப்போர்ட் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மீறல் இல்லை என்று பதில். என் கணவருக்கே முதலில் புரியவில்லை, பாராட்டுகிறார் என்று நினைத்தார். தூக்கம் போய்விட்டது எனக்கு.

தாமரைச்செல்வி:
இது தெளிவான துன்புறுத்தல். வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது விதியிலேயே மீறல்தான். ஆனால் நீங்கள் ஒவ்வொரு பின்னூட்டமாக ரிப்போர்ட் செய்ததால், பத்து வேறு ஆட்கள் ஆளுக்கு ஒரு வரியைப் பார்த்திருக்கிறார்கள். "ஜன்னல் திரை மாத்திட்டீங்க போல" என்ற ஒரு வரியைத் தனியாகப் பார்க்கிறவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. அது சேர்ந்து வரும்போதுதான் கண்காணிப்பு என்று தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு முறை, இனி எனக்கு எழுதாதீர்கள் என்று பதில் எழுதுங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேண்டாத தொடர்பு என்பதற்கு அது ஆதாரம். எல்லாவற்றையும் தேதியோடு திரைப்பிடிப்பு எடுங்கள். அப்புறம் பின்னூட்டத்தை அல்ல, அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்யுங்கள், குறிவைக்கப்படுவது நான்தான் என்ற தேர்வைக் கொடுங்கள். காலையில் கடைக்குப் போனதை அவர் எப்படி அறிந்தார் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு மட்டும் தளத்தை நம்பி இருக்காதீர்கள்.

கருப்பையா:
அம்மா, இதற்கு நான் உதவலாம். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மாவட்ட சைபர் குற்றப்பிரிவுக்கு எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் சொல்கிறேன்.

நிலா_சமையல்:
நன்றி ஐயா, நன்றி தாமரைச்செல்வி. இன்று அந்தப் பதிலை எழுதிவிட்டேன்.

வைகைக்கரையான்:
எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எருமை திரும்ப வந்துவிட்டது. இரண்டாவதைத் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு நீக்கினோம், எழுதியவருக்குக் காரணத்தையும் அனுப்பினோம். அசோக் நகர் நண்பருக்குக் கோப்பை வென்ற அணியின் தலைவரே தொலைபேசியில் பேசினார். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டப்பேரவையில், "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்ததையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். நண்பர் அதன் பிறகு வாதிடவில்லை.

மூன்றாவதில்தான் முடிச்சு விழுந்திருக்கிறது. "நாங்க காலனிப் பசங்கதான்டா" என்று எழுதியவர் அந்த அணியில் இல்லை என்று தலைவர் சொல்கிறார். அந்தப் பெயரில் யாரையும் அவருக்குத் தெரியாது. கணக்கு தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது.

தாமரைச்செல்வி:
பிறப்பைச் சான்றிதழ் கேட்டு உறுதி செய்ய முடியாது, கேட்கவும் கூடாது. அந்தக் கணக்கின் மற்றப் பின்னூட்டங்களைப் பாருங்கள். எல்லாமே இரண்டு பக்கத்தையும் மூட்டிவிடுவதாக இருந்தால் வேறு மாதிரி யோசிக்கலாம். இந்த ஒரு வரி மட்டும்தான் என்றால் நான் விட்டுவிடுவேன்.

ரவீந்திரன்_ஹட்டன்:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. அணியில் உள்ள பையன்களையே கேளுங்கள். அந்த வரி தங்கள் சார்பாகப் பேசுகிறதா, தங்களை மாட்டிவிடுகிறதா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வைகைக்கரையான்:
சனிக்கிழமை பயிற்சிக்கு வருவார்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை வரியை அப்படியே விட்டு, அதற்குக் கீழே பதில் எழுதுவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.